40,000 பேர் வந்தார்கள், 420 பேர் வாங்கினார்கள்

இணையத்தில் பொருள் விற்பவர்கள் அடிக்கடி திறந்து பார்க்கும் ஒரு படம் உண்டு. இடப்பக்கம் உயரமான ஒரு பட்டை. அதற்கடுத்தது அதைவிடக் குட்டை. அப்படியே படிப்படியாக இறங்கி, வலக்கோடியில் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டிய அளவுக்கு ஒரு சிறு துண்டு. சேல்ஸ் ஃபனல் என்று இதைச் சொல்கிறார்கள். தளத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பொருளைப் பார்த்தார்கள், எத்தனை பேர் கார்ட்டில் போட்டார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று ஒவ்வொரு படியாகக் காட்டும் படம் இது. கூகுள் அனலிடிக்ஸ் இதைக் காசு வாங்காமலே வரைந்து கொடுக்கிறது. ஆனால் வரைந்த படத்தைப் பார்த்து எதைத் திருத்துவது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் பல கடைகளின் பணமும் மாதங்களும் வீணாகின்றன.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடை. கணக்கு விளங்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட கடை, எண்களும் அப்படியே. இந்த அளவுள்ள கடைகளில் பார்க்கக்கூடிய எண்கள்தாம். ஒரு மாதத்தில் அதன் படம் இப்படி வருகிறது:

தளத்துக்கு வந்தவர்கள்: 40,000
ஒரு சேலையையாவது திறந்து பார்த்தவர்கள்: 18,000
கார்ட்டில் போட்டவர்கள்: 2,160
செக்அவுட் தொடங்கியவர்கள்: 1,300
முகவரி கொடுத்தவர்கள்: 780
பணம் கட்டும் முறையைத் தேர்ந்தவர்கள்: 700
ஆர்டரை முடித்தவர்கள்: 420

இதைப் பார்த்ததும் கண் நேராக மேலே போகும். 40,000 பேர் வந்து 22,000 பேர் ஒரு சேலையைக்கூடத் திறக்காமல் போய்விட்டார்கள். எண்ணிக்கையில் இதுதான் மிகப் பெரிய இழப்பு. இன்னொருவர் விகிதத்தைப் பார்ப்பார். சேலையைப் பார்த்தவர்களில் கார்ட்டில் போட்டவர்கள் 12 சதவீதம்தான், இங்கேதான் செங்குத்தான சரிவு என்பார். இரண்டு பேருமே முகப்புப் பக்கத்தையோ சேலைப் படங்களையோ மாற்றச் சொல்வார்கள். இரண்டு பேர் படித்ததும் சரியான எண்கள்தாம். அந்த எண்களிலிருந்து அந்த முடிவு கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

ஏன் என்று கேட்டால், படிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஜவுளிக்கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் எதையும் விரித்துக் காட்டச் சொல்லாமல் திரும்பினால் முதலாளி கவலைப்பட மாட்டார். மழைக்கு ஒதுங்கியவர்களும் அதில் உண்டு. தேர்ந்தெடுத்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பில் போடும் இடத்தில் நிற்கும் பத்துப் பேரில் நான்கு பேர் சேலையை வைத்துவிட்டுப் போனால் அவரே எழுந்து வந்து என்ன ஏது என்று விசாரிப்பார். நம் படத்தின் மேல்பகுதியில் சரிகிறவர்கள் முதல் வகை. விளம்பரத்தில் விரல் தவறிப் பட்டு வந்தவர்கள், விலை பார்க்க வந்தவர்கள், அடுத்த மாதக் கல்யாணத்துக்கு இப்போதே நோட்டம் விடுகிறவர்கள். கீழ்ப்பகுதியில் சரிகிறவர்கள் வாங்குவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டவர்கள். செக்அவுட் தொடங்கிய 1,300 பேரில் முகவரி கொடுத்தவர்கள் 60 சதவீதம். பணம் கட்டும் முறையைத் தேர்ந்த 700 பேரில் முடித்தவர்களும் 60 சதவீதம். 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் 60 நல்ல எண்ணாகத் தோன்றும். அந்தப் படியில் நிற்பவர் யார் என்று நினைத்துப் பார்த்தால் அது மோசமான எண்.

இங்கே ஒரு கணக்கையும் பார்த்துவிட வேண்டும். கடைசியில் கிடைக்கும் ஆர்டர் என்பது எல்லாப் படிகளின் விகிதங்களையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கிடைப்பது. ஆகவே 12 சதவீதத்தை 14 ஆக்கினாலும், 60 சதவீதத்தை 70 ஆக்கினாலும் தாளில் பலன் ஒன்றேதான்: ஆறில் ஒரு பங்கு ஏற்றம், அதாவது 420 ஆர்டர் 490 ஆகும். அப்படியானால் எந்தப் படியைத் தொட்டால் என்ன என்று கேட்கலாம். தாளில் வராத ஒன்று இருக்கிறது. மேல்படியில் கூடுதலாக இழுத்துக்கொண்டு வருகிறவர்கள், தாமாக வந்தவர்களைப் போல உறுதியானவர்கள் இல்லை. தள்ளுபடிப் பலகையைப் பார்த்துக் கார்ட்டில் போட்டவர் அடுத்த படியிலேயே நின்றுவிடுவார். கீழ்ப்படியில் காப்பாற்றப்படுகிறவர் அப்படி இல்லை. அவருக்கு முன்னால் இன்னும் ஒன்றிரண்டு படிகள்தாம் மிச்சம். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் படத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறார்கள்.

நம் கடையின் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். 700 பேர் பணம் கட்டும் முறையைத் தேர்ந்தார்கள், 280 பேர் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்பதற்கு முன்னால், அது நடந்ததா என்று கேட்க வேண்டும். ஆர்டர் முடிந்ததும் 'நன்றி' என்று ஒரு பக்கம் வருகிறதே, பல தளங்களில் அந்தப் பக்கம் திறந்தால்தான் `purchase` என்ற நிகழ்வு பதிவாகும். வாடிக்கையாளர் ஜிபேயிலோ போன்பேயிலோ பணத்தை அனுப்பிவிட்டு, கடையின் பக்கத்துக்குத் திரும்பி வராமல் அப்படியே போனை மூடி வைத்துவிட்டால் பணம் வந்திருக்கும், படத்தில் அவர் நழுவிப் போனவராக நிற்பார். இல்லாத ஓட்டையை அடைக்க மாதக்கணக்கில் உழைக்க நேரும். சரிபார்ப்பது எளிது: பேமென்ட் கேட்வே காட்டும் வரவு, கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்கள், படம் காட்டும் 420 ஆகிய மூன்றையும் ஒரே தேதிகளுக்கு எடுத்து ஒப்பிட வேண்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று வித்தியாசம் எங்கும் இருக்கும். அதற்கு மேல் போனால் முதலில் திருத்த வேண்டியது அளக்கும் முறையை.

இதே வகையில் இன்னொரு மாயமும் உண்டு. செவ்வாய்க்கிழமை போனில் சேலையைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கணினியில் வாங்கிய ஒரே பெண்மணி, தளத்தில் உள்நுழையாதவரை, படத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் நழுவிப் போனவர். ஆகவே 40,000 பேர் என்பது 40,000 முகங்கள் அல்ல. கடைசிப் படிகள் சில நிமிடங்களுக்குள் ஒரே கருவியில் நடந்து முடிவதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. கீழ்ப்படி எண்களை நம்ப இதுவும் ஒரு காரணம்.

நம் கடையில் கணக்கு ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவு நிஜம். அடுத்த வேலை அந்தப் படியைப் பிரிப்பது. 60 சதவீதம் என்பது ஒரு சராசரி, சராசரிக்குள் பல கூட்டங்கள் ஒளிந்திருக்கும். கருவி வாரியாகப் பிரித்தால், கணினியில் இருந்த 140 பேரில் 112 பேர் முடித்திருக்கிறார்கள், 80 சதவீதம். போனில் இருந்த 560 பேரில் 308 பேர், 55 சதவீதம். போன் சிறிய திரை, தட்டுவது கஷ்டம், அதனால்தான் குறைவு என்று இங்கேயே நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறைய. இன்னும் ஒரு முறை பிரிக்க வேண்டும். போனில் எந்த உலாவி? வழக்கமான குரோமில் இருந்தவர்கள் 320, முடித்தவர்கள் 224, அதாவது 70 சதவீதம். மிச்சம் 240 பேர் ஒரு சமூக ஊடகச் செயலியில் விளம்பரத்தைத் தட்டி, அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும் குட்டி உலாவியில் கடையைப் பார்த்தவர்கள். அவர்களில் முடித்தவர்கள் 84 பேர், 35 சதவீதம். அந்த 84 பேரும் எப்படிப் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாருமே கேஷ் ஆன் டெலிவரி. யூபிஐயில் கட்டியவர் அனேகமாக ஒருவரும் இல்லை.

இப்போது விஷயம் பிடிபடுகிறது. கடையின் பக்கத்தில் 'யூபிஐ செயலியில் கட்டு' என்ற பொத்தானைத் தட்டினால் `upi://` என்று தொடங்கும் ஒரு இணைப்பு திறக்கும். அது போனில் உள்ள பணச் செயலியைக் கூப்பிடும். குரோமுக்கு அந்த இணைப்பை என்ன செய்வது என்று தெரியும். செயலிக்குள் இருக்கும் குட்டி உலாவிக்கு, அந்தச் செயலியை எழுதியவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தால்தான் தெரியும். சொல்லிக் கொடுக்காவிட்டால் வெற்றுப் பக்கத்தில் `net::ERR_UNKNOWN_URL_SCHEME` என்று ஒரு வரி நிற்கும். அதைப் பார்த்து வாடிக்கையாளர் என்ன புரிந்துகொள்வார்? "அக்கா, பணம் கட்டப் போனேன், ஸ்க்ரீன் வெள்ளையாயிடுச்சு, காசு போயிடுமோன்னு பயந்து மூடிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் கடைக்கு எழுதும் ஒருவருக்குப் பின்னால், எழுதாமலே போன நூறு பேர் இருப்பார்கள்.

இப்படி ஒன்று அகப்பட்டால் அதைச் சோதனைக்கு விடக் கூடாது. பாதிப் பேருக்கு வேலை செய்யும் பொத்தான், பாதிப் பேருக்கு உடைந்த பொத்தான் என்று வைத்து மூன்று வாரம் அளந்து பார்ப்பதில் அர்த்தமில்லை. உடைந்ததைச் சரிசெய்துவிட வேண்டும்: குட்டி உலாவியில் வருகிறவரிடம் பக்கத்தைக் குரோமில் திறக்கச் சொல்லலாம், அல்லது யூபிஐயின் கியூஆர் படத்தைக் காட்டலாம், அல்லது பேமென்ட் கேட்வேக்காரர்களிடமே வழி கேட்கலாம். அந்த 240 பேரும் குரோம்காரர்களைப் போல 70 சதவீதம் முடித்தால் 84 ஆர்டர் கூடுதலாகும். நான் அத்தனையை எதிர்பார்க்க மாட்டேன். விளம்பரத்தைத் தட்டி வந்தவர்களின் உறுதி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 60 கூடினாலே 420 என்பது 480 ஆகிறது. சேலைப் படம் ஒன்றைக்கூட மாற்றாமல், விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் கூட்டாமல்.

சரிவு இருக்கும் இடத்தைப் படம் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இதற்குத் தொழிலில் பெயர்பெற்ற ஓர் உதாரணம் அமெரிக்கப் பயண நிறுவனமான எக்ஸ்பீடியா. பயணத்தைத் தேர்ந்து, விவரம் எல்லாம் நிரப்பி, 'வாங்கு' பொத்தானையும் அழுத்திவிட்ட பலருக்கு வியாபாரம் முடியாமல் நின்றது. அங்கே பகுப்பாய்வுத் துறையைக் கவனித்த ஜோ மெகிபோ 2010இல் இதை வெளியே சொன்னார். தோற்ற வாடிக்கையாளர்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு பொது அம்சம் தெரிந்தது. படிவத்தில் பெயருக்குக் கீழே 'நிறுவனம்' என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. சிலர் அதைத் தங்கள் வங்கியின் பெயரைக் கேட்பதாக எடுத்துக்கொண்டார்கள். வங்கியின் பெயரைப் போட்ட கையோடு, அடுத்த கட்டத்தில் வீட்டு முகவரிக்குப் பதிலாக வங்கியின் முகவரியைப் போட்டார்கள். அட்டைக்காரரின் முகவரியோடு அது பொருந்தாததால் பணம் மறுக்கப்பட்டது. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதில் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் லாபம் கூடியது என்றார் மெகிபோ. பட்டைகளின் உயரத்தை எத்தனை நேரம் முறைத்துப் பார்த்திருந்தாலும் 'நிறுவனம்' என்ற கட்டம் அதில் தெரிந்திருக்காது. நழுவியவர்கள் கட்டங்களில் எதை எழுதினார்கள் என்று பார்த்ததால்தான் தெரிந்தது.

நம் கடையில் இன்னொரு 60 சதவீதம் மிச்சம் இருக்கிறது. செக்அவுட் தொடங்கிய 1,300 பேரில் 520 பேர் முகவரி கொடுக்காமல் போனார்கள். இந்தப் படியைக் கருவி வாரியாகவும் உலாவி வாரியாகவும் பிரித்தால் எல்லாக் கூட்டத்திலும் ஏறக்குறைய அதே 60தான். எங்கும் ஒரே மாதிரி சரிந்தால் எதுவும் உடையவில்லை என்று ஊகிக்கலாம். எல்லாருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இடிக்கிறது. இந்த மாதிரி இடம்தான் சோதனைக்கு உரியது.

என்ன இடிக்கிறது என்று அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். இந்தத் தளத்தில் இதுவரை வாங்காத நான்கைந்து பேரைத் தேடி, அவரவர் போனிலேயே ஒரு சேலையை வாங்கச் சொல்லி, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். வாயைத் திறக்காமல் என்பதுதான் கஷ்டம். கடைக்காரருக்கு உடனே "இங்க தட்டும்மா" என்று சொல்லத் தோன்றும். நம் கடையில் அப்படிப் பார்த்தபோது செக்அவுட்டைத் தட்டியவுடன் முகவரிப் படிவம் வராமல், போன் எண் கேட்டு ஓடிபி அனுப்பும் திரை வந்தது. ஒருவருக்கு ஓடிபி வரத் தாமதம். இன்னொருவர் நம்பர் எதற்கு என்று தயங்கினார். மூன்றாமவர் ஓடிபியைப் பார்க்க வேறு திரைக்குப் போய்த் திரும்பி வந்தபோது பக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இது புதிய கதையல்ல. பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் பெயர் சொல்லாத ஒரு பெரிய அமெரிக்கக் கடையைப் பற்றி எழுதியது பலருக்குத் தெரியும். அங்கே செக்அவுட்டில் உள்நுழை, பதிவு செய் என்ற இரண்டு வழிதான் இருந்தது. வாங்க வந்தவர்களோடு உட்கார்ந்து பார்த்தபோது புதியவர்கள் பதிவு செய்யக் கேட்டதற்கு எரிச்சல்பட்டார்கள். பழையவர்களோ எந்த மின்னஞ்சலில், எந்தக் கடவுச்சொல்லில் பதிந்தோம் என்பதை மறந்திருந்தார்கள். 'பதிவு செய்' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, வாங்கக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கியவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர் என்று ஸ்பூல் எழுதினார். இதைப் படித்துவிட்டு நம் கடையிலும் 45 சதவீதம் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நம் ஊரில் அந்த ஓடிபிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சோதனை இப்படி: செக்அவுட் தொடங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய வழி, மறுபாதிக்கு ஓடிபி இல்லாமல் நேராக முகவரிப் படிவம். போன் எண்ணைப் படிவத்துக்குள்ளேயே கேட்டுக்கொள்ளலாம். யாருக்கு எது என்பதைக் கருவி குலுக்கல் முறையில் முடிவு செய்யும். இரண்டும் ஒரே நாட்களில் ஓட வேண்டும். போன மாதம் பழையது, இந்த மாதம் புதியது என்று ஒப்பிட்டால் சம்பளத் தேதியும் பண்டிகையும் நடுவில் புகுந்துவிடும். ஆடித் தள்ளுபடி மாதத்தோடு புரட்டாசியை ஒப்பிட்டு ஒரு படிவத்துக்குப் பெருமை சேர்க்க முடியாது.

எத்தனை நாள் ஓட்டுவது? இந்த இடத்தில்தான் சிறு கடைகள் அதிகம் ஏமாறுகின்றன. புள்ளியியலாளர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு தோராயச் சூத்திரம் உண்டு:

n = 16 × p × (1 − p) ÷ d²

`p` இப்போதைய விகிதம், `d` நாம் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம், `n` ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவைப்படும் ஆட்கள். நம் படியில் 60 சதவீதம் இருக்கிறது. 70 ஆனால் கண்டுகொள்ள வேண்டும் என்றால் 16 × 0.6 × 0.4 ÷ 0.01, அதாவது பக்கத்துக்குச் சுமார் 400 பேர். மாதம் 1,300 பேர் இந்தப் படிக்கு வருவதால் இருபது நாளுக்குள் கூடிவிடும். ஆனால் 60 என்பது 62 ஆனாலே தெரிய வேண்டும் என்று கேட்டால் பக்கத்துக்கு 9,600 பேர் தேவை; ஓராண்டு தாண்டியும் ஓட வேண்டியிருக்கும். ஆகவே சிறு கடை சின்னச் சின்ன மாற்றங்களைச் சோதிக்கவே கூடாது. பொத்தானின் நிறத்தைச் சோதிப்பது கோடிக்கணக்கில் ஆட்கள் வரும் தளங்களுக்குச் சரிப்படும். மாதம் ஆயிரம் பேர் வரும் படியில் ஒரு முழுத் திரையை எடுப்பது, ஒரு கட்டணத்தை முன்கூட்டியே காட்டுவது என்று பெரிய மாற்றங்களைத்தான் சோதிக்க வேண்டும்.

அதே சூத்திரம் இன்னொன்றையும் காட்டும். இதே மாற்றத்தை, தளத்துக்கு வந்த 40,000 பேரையும் இரண்டாகப் பிரித்து ஆர்டர் விகிதத்தில் அளந்தால் என்ன ஆகும்? அந்த விகிதம் 1.05 சதவீதம்தான். அதில் ஆறில் ஒரு பங்கு ஏற்றத்தைக் காண பக்கத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று மாதம். செக்அவுட்டைத் தொடாதவர்களுக்கு இந்த மாற்றமே தெரியாது. அவர்களையும் சேர்த்து அளப்பது இரைச்சலைக் கூட்டுவதுதான். மாற்றம் யார் கண்ணில் படுமோ அவர்களை மட்டும் எண்ண வேண்டும்.

நாளையும் முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். முழு வாரங்களாக மூன்று வாரம் என்று வைப்போம். தினமும் காலையில் திறந்து பார்த்து, புதியது முந்துகிற நாளில் "ஜெயித்துவிட்டது" என்று நிறுத்தினால், எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு படிவங்களில் ஒன்றுக்கு அடிக்கடி பட்டம் சூட்டிவிடுவோம். சில நாட்களுக்கு ஏதாவது ஒன்று முந்தத்தான் செய்யும்.

மூன்று வாரத்தில் பக்கத்துக்கு 455 பேர் வந்தார்கள் என்று கொள்வோம். பழைய வழியில் முகவரி கொடுத்தவர்கள் 273, புதிய வழியில் 318. 60 சதவீதம் 70 ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவது அரிது; ஓடிபி இடித்துக்கொண்டிருந்தது உண்மைதான். இனி கீழே இறங்கி ஆர்டரைப் பார்க்க வேண்டும். பழையதில் 168, புதியதில் 181. முகவரி கொடுத்தவர்கள் 45 பேர் கூடியும் ஆர்டர் 13தான் கூடியிருக்கிறது. ஓடிபி தடுத்து வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் உறுதியில்லாதவர்கள். முன்பு அங்கே நின்றவர்கள் இப்போது பணம் கட்டும் திரையில் நிற்கிறார்கள். தவிர, 13 ஆர்டர் வித்தியாசம் என்பது இரண்டு வழிகளும் சமமாக இருந்தாலுமே பத்தில் மூன்று நான்கு தடவை வரக்கூடியது. விற்பனை 8 சதவீதம் கூடிவிட்டது என்று இந்த இடத்தில் யாராவது அறிக்கை எழுதினால் அதை நான் ஏற்க மாட்டேன். படியில் ஏற்றம் உறுதி, ஆர்டரில் ஏற்றம் இன்னும் உறுதியில்லை என்பதுதான் நேர்மையான வாசிப்பு. ஒரு படியில் தடையை எடுத்தால் சரிவு அடுத்த படிக்கு இடம்பெயர்வது அடிக்கடி நடக்கும். கூரியர் கட்டணத்தை முகவரிப் பக்கத்திலிருந்து மறைத்துக் கடைசித் திரையில் காட்டும் தளங்களில் இது அப்பட்டமாகத் தெரியும்: ஒரு பட்டை உயரும், அதற்கடுத்த பட்டை அதே அளவு விழும், வாடிக்கையாளரின் கோபம் மட்டும் கூடும்.

படம் ஆர்டரோடு முடிந்துவிடுகிறது. கடையின் கணக்கு அங்கே முடிவதில்லை. கேஷ் ஆன் டெலிவரியில் போகும் பார்சல்களில் ஒரு பங்கு வாங்க ஆளில்லாமல் திரும்பி வரும். ஆர்டிஓ என்பார்கள். போகவர இரண்டு பக்கக் கூரியர் செலவும் கடைக்காரர் தலையில். ஓடிபிக்கு இன்னொரு வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான்: போன் எண் நிஜமா என்று அது உறுதி செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் தவறான எண்ணும் விளையாட்டுக்குப் போட்ட ஆர்டரும் உள்ளே வரும்.

சோதனை முடிந்து பார்சல்கள் எல்லாம் போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து, படத்துக்குக் கீழே நாமே ஒரு படியைச் சேர்த்தால் வேறு ஒரு காட்சி கிடைக்கிறது. பழைய வழியின் 168 ஆர்டரில் கேஷ் ஆன் டெலிவரி 90. அதில் திரும்பியவை 18. புதிய வழியின் 181இல் கேஷ் ஆன் டெலிவரி 104, திரும்பியவை 32. வாடிக்கையாளர் கைக்குப் போன சேலைகள் பழையதில் 150, புதியதில் 149. கூடிய 13 ஆர்டரும் கரைந்து, திரும்பிய பதினான்கு கூடுதல் பார்சலுக்கான கூரியர் செலவு மிஞ்சுகிறது. எண்கள் சிறியவை, 20 சதவீதம் 31 ஆனதில் தற்செயலுக்கும் பங்கிருக்கலாம். ஆனாலும் அடுத்த சோதனை எதுவென்று இதிலிருந்தே தெரிகிறது. முகவரிப் படிவத்துக்கு முன்னால் யாருக்கும் ஓடிபி வேண்டாம். பணம் கட்டும் திரையில் கேஷ் ஆன் டெலிவரியைத் தேர்கிறவருக்கு மட்டும் ஓடிபி வரட்டும். யூபிஐயில் முன்பணம் கட்டுகிறவரின் எண்ணைச் சோதிக்கக் கடைக்கு அவசியமே இல்லை. மறுபடி மூன்று வாரம், பக்கத்துக்குச் சுமார் 450 பேர். இந்த முறை தொடங்கும்போதே, முகவரிப் படியோடு கூட 'கைக்குச் சேர்ந்தவை' என்ற படியையும் பார்த்துத்தான் முடிவு சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டு.